பெயர் கசிந்த பிறகு

வாராந்திர வருகைப் பட்டியலில் ஒரு வரி. நடந்தது அவ்வளவுதான். யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, யாரும் வம்பு பேசக் கிளம்பவில்லை. ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே, குறிப்புக் கட்டத்தில், IC - Sec 12 leave என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்தப் பட்டியல் வழக்கம்போல சனிக்கிழமை மாலை எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் மின்னஞ்சலில் போனது. திங்கட்கிழமை மதியம் கேன்டீனில் அவர் பெயர் பேசப்பட்டது.

நான் அந்த நிறுவனத்தின் ஊழியர் அல்ல. அதன் உள்ளகக் குழுவில் வெளி உறுப்பினர். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும். அதில் ஒருவர் வெளியிலிருந்து, பெண்கள் பிரச்சினையில் அக்கறையோடு செயல்படும் அமைப்பிலிருந்து வர வேண்டும். அப்படித்தான் நான் போனேன்.

இதை எழுதுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்டேன். நிறுவனத்தையும் ஊரையும் நான் சொல்லப்போவதில்லை, அவர் செய்த வேலையையும் சொல்லப்போவதில்லை. மாற்றுப் பெயர் வைக்கட்டுமா என்றதற்கு, “வேண்டாம் மேடம். மாத்துப் பேருன்னு போட்டாலே, நிஜப் பேரு என்னன்னு தேட ஆரம்பிச்சிடுவாங்க” என்றார். எனவே இந்தக் கட்டுரையில் அவர் வெறும் ‘அவர்’தான். விசாரணையின் முடிவையும் எழுத மாட்டேன். எழுத விரும்புவது, பெயர் கசிந்த பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்பதையும், அதில் நான் முதலில் எங்கே தவறினேன் என்பதையும்தான்.

அவர் புகார் கொடுத்தது ஒரு திங்கட்கிழமை. விசாரணை முடியும்வரை அதே அறையில் அந்த மேலாளரின் எதிரில் உட்கார முடியாது என்று, விடுப்புக்கும் எழுத்தில் கேட்டிருந்தார். சட்டத்தின் 12ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. குழு பரிந்துரைத்தால் மூன்று மாதம் வரை விடுப்பு கொடுக்கலாம், அது அவருடைய வழக்கமான விடுப்புக் கணக்கில் கழியாது. புதன்கிழமை குழு கூடியது. மூன்று வாரம் பரிந்துரைத்தோம். வியாழன் முதல் அவர் வீட்டில் இருந்தார்.

திங்கள் இரவு எனக்குப் போன் வந்தது. “மேடம், ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.” பக்கத்து இருக்கைத் தோழி கூப்பிட்டு, “என்னடி, மூணு வாரம் லீவாமே? கமிட்டில கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கியாமே? யார் மேலடி?” என்று கேட்டிருக்கிறாள். அக்கறையோடுதான் கேட்டிருக்கிறாள். இவர் ஒன்றும் சொல்லாமல் போனை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

அந்த இரவு நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். “பொறுமையா இரும்மா. முதல்ல மெயின் கேஸ் முடியட்டும். இதையும் இப்பவே கிளப்பினா, எதுக்கெடுத்தாலும் புகார் பண்றவன்னு பேரு வந்துடும்.”

அவர் சரி என்றார். இரண்டு வாரம் கழித்து எங்களிடம் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்த ஒரு பெண் பின்வாங்கினார். யாரும் அவரை மிரட்டவில்லை. அவர் பெயர் வெளியே வரவும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: “அவங்க பேரே ஒரு வாரத்துல வெளிய வந்துடுச்சு. என் பேரு வர எத்தனை நாளாகும் மேடம்?”

அன்றுதான் எனக்கு உறைத்தது. பெயர் கசிந்ததை ‘மெயின் கேஸு’க்குப் பக்கத்தில் நடந்த ஒரு சின்ன விஷயமாக நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது அந்த வழக்கின் சாட்சியையே தின்றுகொண்டிருந்தது.

பெயர் கசியும்போது உடைவது எது? இந்தக் கேள்விக்கு மனிதவளப் பிரிவின் மேலாளர் எங்களிடம் இரண்டு பதில்கள் வைத்திருந்தார். இரண்டையும் வெவ்வேறு அலுவலகங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதல் பதில்: “தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சு. இனி அதைப் பத்திப் பேசினா இன்னும் நாலு பேருக்குத் தெரியும்.” இரகசியம் என்பது ஒரு குடம் பால், கொட்டியபின் அள்ள முடியாது என்ற எண்ணம். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் அன்று கொட்டியது முழுக் குடம் அல்ல. அவர் புகார் கொடுத்தார் என்பது தெரிந்திருந்தது. யார் மீது, என்ன புகார், யார் சாட்சி, எதுவும் தெரிந்திருக்கவில்லை. மிச்சத்தைக் காப்பாற்றும் கடமை அப்படியே இருந்தது. ஒரு முறை மீறிய வாக்கை இனி காக்க வேண்டியதில்லை என்று யாரும் சொல்வதில்லை. கடன் வாங்கியவர் ஒரு தவணை தவறினால் மீதிக் கடன் தள்ளுபடி ஆகிவிடுமா?

இரண்டாவது பதில்: “யாரும் அவங்களைத் தப்பா பேசலையே. எல்லாரும் பாவம்னுதானே கேக்கறாங்க.” தீங்கு இல்லாவிட்டால் குற்றம் இல்லை என்பது இதன் பொருள். இதற்கு நான் இப்படி யோசித்தேன். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போகிறோம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற. அவர் தன் உறவினர் நாலு பேரை அழைத்து வந்து நம் கூடத்தில் உட்காரவைத்து, காபி போட்டுக் கொடுத்து, எல்லாவற்றையும் துடைத்து வைத்துவிட்டுப் போகிறார். ஒரு கரண்டிகூடத் தொலையவில்லை. ஆனாலும் தெரியவந்தால் வயிறு எரியும். வீட்டுக்குள் யார் வரலாம் என்று முடிவு செய்வது நம்முடைய உரிமை. அதைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

புகார் கொடுத்த பெண்ணிடமிருந்து பறிபோவதும் அதுதான். தனக்கு நடந்ததை யாரிடம், எப்போது, எந்த வார்த்தையில் சொல்வது என்பது அவர் கையில் இருந்தது. அம்மாவிடம் அவர் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து இருக்கைத் தோழியிடம் விசாரணை முடிந்தபின் தானே சொல்ல நினைத்திருந்தார். அந்தத் தோழி அதைச் சனிக்கிழமைப் பட்டியல் வழியாகத் தெரிந்துகொண்டாள். துன்புறுத்தியவர் முதல் முறை அவர் விருப்பத்தைக் கேட்கவில்லை. அவரைக் காக்க வேண்டிய அலுவலகம் இரண்டாம் முறை கேட்கவில்லை. அனுதாபத்தால் இது சரியாகிவிடாது.

ஒரு கல்லூரியில் இதைப் பேசியபோது ஒரு மாணவி எழுந்து கேட்டார்: “மேடம், பேரை மறைக்கிறதே இது அவமானம்னு நாம ஒத்துக்கிற மாதிரிதானே? தப்பு பண்ணினது அவன். நாம ஏன் ஒளியணும்?” நல்ல கேள்வி. ராஜஸ்தானின் பன்வாரி தேவி 1992இல் தனக்கு நடந்த கொடுமையைத் தன் பெயரோடு, தன் முகத்தோடு வெளியே சொன்னார். அவர் வழக்கின் பின்னணியில்தான் 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது, அதன் வழியாக இன்றைய சட்டமும் வந்தது. பெயர் சொல்லிப் பேசியதால் நமக்கு வழி திறந்தவர் அவர். ஆனால் சொன்னது அவர். பன்வாரி தேவி தன் பெயரைச் சொன்னதும், ஒரு குமாஸ்தா இன்னொரு பெண்ணின் பெயரைப் பட்டியலில் ஏற்றியதும் ஒன்றல்ல. பெயரைச் சொல்வதா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்தார்கள் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

இதே காரணத்தால், இரகசியம் காப்பது என்பதைப் பெண்ணின் வாயைக் கட்டும் கயிறாக அலுவலகங்கள் பயன்படுத்தும்போதும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். எங்கள் வழக்கிலும் அது நடந்தது. கசிவை எழுப்பியவுடன் மேலாளர் கேட்டார்: “அவங்களே அவங்க தங்கச்சிகிட்ட சொல்லியிருக்காங்களே, அது மீறல் இல்லையா?” புகாரின் உள்ளடக்கத்தையும், புகார் கொடுத்தவர், எதிர்மனுதாரர், சாட்சிகள் ஆகியோரின் அடையாளத்தையும், விசாரணை நடவடிக்கைகளையும் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் ஊடகத்துக்கும் தெரியப்படுத்தக் கூடாது என்கிறது பிரிவு 16. அதை மீறியதற்கான தண்டனையைச் சொல்கிறது பிரிவு 17. அது யாருக்குப் பொருந்தும் என்றால், புகாரையோ விசாரணையையோ பரிந்துரையையோ ‘கையாளும் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர்’களுக்கு. இரவு தூக்கம் வராமல் தங்கையிடம் அழுத பெண், பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் அல்ல. ஒப்படைத்தவரே அவர்தான்.

இனி, நாங்கள் செய்தது.

முதலில், எங்கிருந்து கசிந்தது என்று காட்ட வேண்டியிருந்தது. மனிதவளப் பிரிவின் முதல் எதிர்வினை, “எதிர்மனுதாரருக்கும் இவங்க பேரு தெரியுமே, அவர் சொல்லியிருப்பார்” என்பதுதான். இது எப்போதும் வரும் பதில். அவருக்குத் தெரிவது சட்டப்படியானதும்கூட, ஏனெனில் புகார் வந்த ஏழு வேலை நாட்களுக்குள் அதன் நகலை அவருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அப்படியானால் கசிவு எந்த வாசலில் என்று எப்படிப் பிரித்தறிவது?

வதந்தியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்க்க வேண்டும். கேன்டீன் பேச்சில் ‘கமிட்டி’ இருந்தது, ‘மூன்று வாரம்’ இருந்தது. மேலாளரின் பெயர் இல்லை, சம்பவம் இல்லை. எதிர்மனுதாரர் வழியாகப் பரவியிருந்தால் நேர்மாறாக இருந்திருக்கும்: சம்பவம் அவருக்குச் சாதகமாகத் திரிந்து வந்திருக்கும், விடுப்பு நாட்களின் எண்ணிக்கை இருந்திருக்காது. அடுத்து, தேதி. பேச்சு தொடங்கியது திங்கள் மதியம். புகார் நகல் எதிர்மனுதாரர் கையில் போனது செவ்வாய், ஏழாவது வேலை நாளில், கையெழுத்துடன். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் சந்தேகம் நிற்காது. அவர் அன்று இரவே தோழியின் அழைப்பு வந்த நேரத்தையும், அவள் சொன்ன வார்த்தைகளையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். நான் சொல்லி அல்ல. என் அறிவுரையைக் கேட்டுச் சும்மா இருந்திருந்தாலும், அந்த நோட்டுதான் பிறகு உதவியது.

இரண்டாவது, யாரிடம் கொடுப்பது. புகார் மனிதவளப் பிரிவைப் பற்றியது என்றால் அந்தப் பிரிவிடமே கொடுக்கக் கூடாது. பிரிவு 17இன்படி நடவடிக்கை எடுக்க வேண்டியவர் நிறுவனத்தை நடத்துபவர், அதாவது சட்டம் ‘வேலை அளிப்பவர்’ என்று சொல்பவர். ஆகவே கடிதம் நிர்வாக இயக்குநர் பெயருக்கு. ஒரு நகல் குழுத் தலைவருக்கு. வேறு யாருக்கும் இல்லை. மின்னஞ்சல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இயக்குநரின் மின்னஞ்சலை அவர் உதவியாளரும் பார்ப்பார், தலைப்பு வரி ஒன்றே போதும். மூடிய உறை, மேலே ‘தனிப்பட்டது, இயக்குநர் மட்டும் பிரிக்கவும்’. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை உறையின் எண்ணையும் தேதியையும் மட்டும் குறிப்பிட்ட தனிச் சீட்டில் வாங்கினார். கசிவைப் பற்றிய கடிதமே இன்னொரு கசிவாகிவிடக் கூடாதல்லவா?

மூன்றாவது, என்ன எழுதுவது. குழு உறுப்பினராக நான் அவருக்கு மனு எழுதித் தர முடியாது. இரு தரப்புக்கும் நடுவில் உட்காருபவள் நான். எந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று மட்டும் சொன்னேன். எழுதியது அவர். ஒன்றரைப் பக்கம். துன்புறுத்தலைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அது வேண்டுமென்றே. இந்தக் கடிதத்தைப் படிப்பவருக்குச் சம்பவம் தெரிய வேண்டிய தேவை இல்லை. புகார் கொடுத்த தேதி, விடுப்புப் பரிந்துரையின் தேதி, பட்டியல் போன தேதி, பேச்சு தன் காதுக்கு வந்த தேதி, கேட்ட வார்த்தைகள், எதிர்மனுதாரருக்கு நகல் கிடைக்கும் முன்பே இது நடந்தது என்ற ஒரு வாக்கியம். போன் செய்த தோழியின் பெயரை அவர் எழுதவில்லை, ‘சக ஊழியர் ஒருவர்’ என்றுதான் எழுதினார். “அவ என்னை நம்பிக் கேட்டா. அவ பேரை நான் எப்படி மேடம் குடுக்க முடியும்?”

பிறகு அவர் கேட்டவை நான்கு. என் அடையாளம் அதிகாரபூர்வமாக யார் யாருக்குத் தெரிவிக்கப்பட்டது என்ற பட்டியல் எழுத்தில் வேண்டும். அந்த மின்னஞ்சலும் கோப்பும் அழிக்கப்படாமல் பாதுகாக்கப்பட வேண்டும், ஆனால் பெற்றவர்களின் பெட்டியிலிருந்து திரும்பப் பெறப்பட வேண்டும். பெற்றவர்களிடம் தனித்தனியாகப் பேசி, இதைப் பகிர மாட்டேன் என்று எழுதி வாங்க வேண்டும். பொதுச் சுற்றறிக்கை எதுவும் கூடாது. நான்காவதாக, பிரிவு 17இன்படி நடவடிக்கை வேண்டும், அந்த விசாரணையை மனிதவளப் பிரிவுக்கு வெளியே இருப்பவர் நடத்த வேண்டும். ஏழு நாளில் பதில் கேட்டிருந்தார்.

மூன்றாவது கோரிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கசிவு நடந்தால் நிர்வாகங்கள் ஆர்வத்தோடு செய்வது, “புகார்களின் இரகசியத்தன்மையை அனைவரும் காக்க வேண்டும்” என்று எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்புவது. அதுவரை தெரியாதவர்களும் “என்ன, யார்?” என்று கேட்கத் தொடங்குவது அந்த மின்னஞ்சலால்தான். ‘பேசினால் பரவும்’ என்று மேலாளர் சொன்னதில் இருந்த உண்மை இதுதான். அதற்காகப் பேசாமல் இருக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் மட்டும் பேசினால் போதும். எங்கள் வழக்கில் அவர்கள் ஒன்பது பேர்.

அவர் கடிதம் கொடுத்த அதே வாரம் குழுவும் தன் கூட்டக் குறிப்பில் கசிவைப் பதிவு செய்து இயக்குநருக்குத் தனியாக எழுதியது. இதை நாங்கள் முதல் நாளே, அவர் சம்மதம் மட்டும் கேட்டு, நாங்களாகவே செய்திருக்க வேண்டும். வாக்கு மீறப்பட்டால் அதை எழுப்புவது வாக்குக் கொடுத்தவர்களின் வேலை. அதையும் பாதிக்கப்பட்டவர் தலையிலேயே வைத்து, அப்புறம் அவரையே ‘எதுக்கெடுத்தாலும் புகார் பண்றவ’ என்று சொல்வது எவ்வளவு வசதியான ஏற்பாடு! அந்தச் சொல்லை அவருக்கு முதலில் சொன்னது நிர்வாகம் அல்ல, நான்.

கடிதத்துக்கு மேலாளர் கொடுத்த சட்டப் பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும், நீங்களும் கேட்பீர்கள். பிரிவு 16 ‘பொதுமக்கள், பத்திரிகை, ஊடகம்’ என்றுதானே சொல்கிறது, துறைத் தலைவர்கள் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்கள், அவர்கள் எப்படிப் பொதுமக்கள் ஆவார்கள் என்றார். சொற்களை மட்டும் பிடித்தால் வாதம் போலத் தெரியும். ஆனால் பணியிடத்தில் புகார் கொடுத்த பெண்ணுக்கு ‘பொது’ என்பது எது? தெருவில் போகிறவர் அல்ல. தினமும் அவர் முகத்தைப் பார்க்கும் முந்நூறு பேர்தான். புகாரைக் கையாளும் சில பேருக்கு வெளியே இருக்கும் எல்லோரும் அவருக்குப் பொதுதான். இயக்குநர் இதை ஏற்றுக்கொண்டார். ஏற்காத இயக்குநர்களும் இருப்பார்கள். அப்போது எழுதும் கடிதத்தில் பிரிவு 16ஐ மட்டும் நம்பாமல், பாதுகாப்பான பணிச் சூழலைத் தருவது வேலை அளிப்பவரின் கடமை என்னும் 19ஆம் பிரிவையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

பட்டியல் எழுத்தில் வந்தபோதுதான் கடினமான இடம் வந்தது. அந்த வரியைத் தட்டச்சு செய்தது இருபத்துமூன்று வயதுப் பெண். ஒப்பந்தப் பணியாளர், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். மேலாளர் வாய்மொழியாக, “கமிட்டி லீவு, செக்‌ஷன் 12, போட்டுடு” என்று சொன்னதை அப்படியே போட்டிருக்கிறார். விடுப்பு வகைகளின் பட்டியலில் இதற்கு ஏற்ற வகை இல்லாததால் குறிப்புக் கட்டத்தில் எழுதியிருக்கிறார். அது என்ன கமிட்டி என்றுகூட அவருக்குத் தெரியாது. நிர்வாகம் உடனே ஒரு தீர்வைக் கொண்டு வந்தது: அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்திவிடுவது.

சட்டம் இங்கே அவ்வளவாக உதவாது. பிரிவு 17இன்படி தண்டனை, நிறுவனத்தின் பணி விதிகளில் உள்ளபடி. பணி விதிகளே இல்லாத இடத்தில், விதி 12இன்படி அபராதம் ஐயாயிரம் ரூபாய். ஒரு மேலாளருக்கு ஐயாயிரம் ஒரு வார இறுதிச் செலவு. அந்தப் பெண்ணுக்கு அது மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். தொகையின் அளவை நினைக்கும்போது இன்னொன்று நினைவுக்கு வருகிறது. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவியின் அடையாளம், முதல் தகவல் அறிக்கை கசிந்ததால் வெளியே வந்தது. அந்தக் கசிவுக்காக அவருக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் கொடுக்குமாறு தமிழக அரசுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றம் பொறுப்பாக்கியது அரசை. எங்கள் நிறுவனமோ தட்டச்சு செய்த விரலைத் தேடியது.

அவரிடம் இதைச் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பொண்ணை அனுப்பிட்டா, என் பேரால ஒரு பொண்ணுக்கு வேலை போச்சுன்னு ஆகும். சொன்னவரு அங்கேயே இருப்பாரு” என்றார். இது பெருந்தன்மை என்று நான் நினைக்கவில்லை. அவர் பொறுப்பைச் சரியாகக் கணக்குப் போட்டார். பொறுப்பு ஒப்படைக்கப்பட்டவர் யாரோ அவர்தான் பிரிவு 17இல் வருவார். இரகசியம் என்றே சொல்லப்படாத ஒருவரிடம் இரகசியத்தை எப்படி ஒப்படைத்ததாகும்? இரகசியத்தைத் தெரிந்து வைத்திருந்தவர் மேலாளர். அதைத் தெரியாத கையில் கொடுத்தவரும் அவர்.

கணக்கு அதோடு முடியவில்லை. மேலாளருக்கு அது எப்படித் தெரிந்தது என்று பின்னோக்கிப் போனால், குழுவின் கடிதம். நாங்கள்தான் எழுதியிருந்தோம்: அவர் பெயர், புகார் எண், ‘பிரிவு 12இன் கீழ் விடுப்பு’, எல்லாம் ஒரே தாளில், மனிதவளப் பிரிவுக்கு நேராக. என் கையெழுத்தும் அதில் இருந்தது. அது தேவையே இல்லை. பரிந்துரை இயக்குநருக்குப் போயிருக்க வேண்டும். அவர் மனிதவளப் பிரிவுக்கு, “இந்த ஊழியருக்கு மூன்று வாரம் சிறப்பு விடுப்பு” என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். விடுப்பு கொடுப்பவருக்கு விடுப்பின் நாட்கள் தெரிந்தால் போதும், காரணம் தெரிய வேண்டியதில்லை. இரகசியத்தை மீறும் குழு உறுப்பினரை நீக்க வேண்டும் என்று 4ஆம் பிரிவில் இருக்கிறது. நாங்கள் செய்தது அந்த அளவுக்கு வருமா என்பதை நாங்களே தீர்ப்பளிக்கக் கூடாது என்று, நடந்ததைக் கூட்டக் குறிப்பில் எழுதி இயக்குநரிடம் கொடுத்தோம். அதை எழுதும்போது கை கூசியது.

முடிவில் நடந்தவை இவை. மேலாளருக்குப் பணி விதிகளின்படி எழுத்துபூர்வமான கண்டனம். புகார்களைக் கையாளும் வேலையிலிருந்து அவர் விலக்கப்பட்டார். ஒன்பது பேரிடமும் இயக்குநரே தனித்தனியாகப் பேசி எழுதி வாங்கினார். விடுப்பு வகைகளில் ‘சிறப்பு விடுப்பு’ சேர்க்கப்பட்டது. தேர்வு எழுதப் போகிறவருக்கும், வீட்டில் சாவு விழுந்தவருக்கும், குழு பரிந்துரைத்தவருக்கும் அதே வகை. தட்டச்சு செய்த பெண் வேலையில் இருக்கிறார். குழு உறுப்பினர்களுக்கு எழுத்தில் எச்சரிக்கை. எனக்கும் ஒன்று வந்தது, வைத்திருக்கிறேன்.

இயக்குநர் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தால், சட்டத்தின் கீழ் அரசு அறிவித்துள்ள மாவட்ட அலுவலருக்கு எழுதியிருக்க வேண்டும். சட்டத்தை மீறும் வேலை அளிப்பவருக்கு 26ஆம் பிரிவில் ஐம்பதாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அதற்கு நீதிமன்றம் போக வேண்டும். பிரிவு 17இன் மேல் மேல்முறையீடும் உண்டு, தொண்ணூறு நாட்களுக்குள். இந்த வழிகள் எல்லாம் நீளமானவை, போகும் ஒவ்வோர் இடத்திலும் தன் பெயரை இன்னும் ஒரு மேசையில் வைக்க வேண்டியவை. அதனால்தான் முதல் கடிதம் சரியான ஆளிடம், சரியான தேதிகளோடு, குறைந்த வார்த்தைகளில் போக வேண்டியிருக்கிறது.

சரியாகாததும் உண்டு. பின்வாங்கிய சாட்சி திரும்பி வரவில்லை. நாங்கள் அவரை வற்புறுத்தவில்லை. அவர் கேட்ட கேள்விக்கு அப்போது எங்களிடம் நேர்மையான பதில் இல்லை. அவர் இல்லாமலேயே விசாரணை முடிந்தது. இரண்டு வாரம் முன்னால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பாரா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை.

இப்போது ஒரு பெண் புகாரோடு வரும்போது, சம்பவத்தைக் கேட்கும் முன் நான் ஒரு தாளை எடுக்கிறேன். புகாரோடு ஆறு நகல் கொடுக்க வேண்டும் என்கிறது விதி. அந்த ஆறையும் எந்த இயந்திரத்தில் அச்சிட்டீர்கள், அங்கே வேறு யார் இருந்தார்கள் என்று கேட்கிறேன். உங்களுக்கு நடந்தது இப்போது யார் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறேன். கடைசியாக, இனி யாருக்குத் தெரியவேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள் என்று கேட்கிறேன். முதல் இரண்டுக்கும் சட்டென்று பதில் வரும். மூன்றாவதற்குப் பெரும்பாலானவர்கள் கொஞ்சம் திகைத்துப் பார்க்கிறார்கள். அது தங்களிடம் கேட்கப்படும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. பதில் வரும்வரை காத்திருந்து, அவர்கள் சொல்லும் பெயர்களை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.